டிரையர் சுழல்கிறது, சூடும் வருகிறது, துணி மட்டும் உலரவில்லை

நேசன்_ஸ்காபரோ

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நிலவறையில் இருக்கும் மின்சார டிரையர் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை எந்தத் தொல்லையும் தந்ததில்லை. இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒரே சுற்றில் உலர வேண்டிய துணிக்கு இரண்டு சுற்று தேவைப்படுகிறது. டிரம் வழக்கம்போலச் சுழல்கிறது, சத்தத்திலும் மாற்றம் இல்லை. சுற்று முடிந்து கதவைத் திறந்தால் முகத்தில் அடிப்பது போலச் சூடும் புழுக்கமும் வெளியே வருகின்றன, கதவின் உட்புறம் நீர் முத்து முத்தாகப் படிந்திருக்கிறது, துவாய்களும் ஜீன்ஸும் மட்டும் ஈரம் போகாமல் கனமாகவே இருக்கின்றன. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வழித்து எடுத்துவிட்டுத்தான் போடுகிறோம்.

இயந்திரத்தின் பின்னாலிருந்து வெள்ளி நிறத்தில் மடிப்பு மடிப்பான ஒரு குழாய் சுவருக்குப் போகிறது. அங்கிருந்து தகரக் குழாய் மேலேறி, நிலவறைக் கூரைக்குள் ஓடி, வீட்டின் பக்கவாட்டுச் சுவர் வழியாக வெளியே முடிகிறது. ஹீட்டிங் எலிமென்ட் பழுதாகியிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கி மாட்டிவிடலாமா, அல்லது அதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

திருமாறன்

வாங்கி மாட்டிவிடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். எனக்கும் இதே கதைதான் நடந்தது. துணி உலரவில்லை, பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் எலிமென்டின் கம்பிச்சுருள் ஓரிடத்தில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. புதியதை மாட்டியதும் சரியாகிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் ஓடிய இயந்திரத்தில் அதுதான் முதலில் போகும்.

கதிரேசன்_பழுதுபணி

வாங்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். திருமாறன் அவர்களே, உங்கள் இயந்திரத்தில் துணி குளிர்ந்த ஈரமாக வந்ததா, சூடான ஈரமாக வந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. சுருள் அறுந்துபோனால் துணி குளிர்ந்துதான் வந்திருக்க வேண்டும். நேசன் எழுதியிருப்பது அதற்கு நேர்மாறானது. அவருக்குச் சூடு வருகிறது, ஆவி வெளியேறவில்லை. கதவில் நீர் படிவதே அதற்குச் சாட்சி. சூடான ஈரம் என்று கேட்டவுடன் நான் எலிமென்டை நினைப்பதில்லை, குழாயைத்தான் நினைப்பேன்.

டிரையர் துணியைச் சூட்டினால் மட்டும் உலர்த்துவதில்லை. உள்ளே இருக்கும் விசிறி அறையின் காற்றை இழுத்து, சூடேற்றும் பெட்டி வழியாக டிரம்முக்குள் செலுத்தி, ஈரத்தை ஏந்திய அந்தக் காற்றைப் பஞ்சு வடிகட்டி வழியாக வெளியே தள்ளுகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 0.63 கிலோவாட் மணி வெப்பம் செலவாகும். சலவை இயந்திரத்திலிருந்து வரும் ஒரு சுமைத் துவாயில் இரண்டு மூன்று கிலோ தண்ணீர் எளிதாக இருக்கும். அவ்வளவு ஆவியையும் சுமந்துகொண்டு வெளியே போகக் காற்று ஓட வேண்டும். குழாயில் பஞ்சு அடைத்துக்கொண்டால் காற்று மெதுவாகிறது. மெதுவாக ஓடும் காற்று சூடேற்றும் பெட்டிக்குள் அளவுக்கு மீறிச் சூடாகிறது, அங்கிருக்கும் தெர்மோஸ்டாட் ஆபத்து என்று எண்ணி எலிமென்டை நிறுத்துகிறது, ஆறியதும் மறுபடி இணைக்கிறது. இப்படி விட்டுவிட்டு எரியும் எலிமென்டால் டிரம் சூடாக இருக்கும், நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், உலர்வதற்கு வேண்டிய வெப்பத்தில் பாதிகூடத் துணிக்குப் போய்ச் சேராது.

ஆகவே முதலில் வெளியே போய்ப் பாருங்கள். டிரையர் ஓடும்போது சுவரின் வெளிவாயில் இருக்கும் மடல் நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும், கையை வைத்தால் காற்று தள்ளுவது தெரிய வேண்டும். அடுத்து இயந்திரத்தை முன்னால் இழுத்து, பின்னால் இருக்கும் மடிப்புக் குழாய் சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, வடிகட்டியை அதன் இடத்திலேயே வைத்து, வழக்கமான சுமை ஒன்றைப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது நேரத்துக்கு உலர்ந்துவிட்டால் குற்றம் குழாயில்தான். நிலவறை முழுவதும் ஈரக்காற்றும் பஞ்சும் பரவும் என்பதால் இதை ஒரு சுமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்சார டிரையரில் மட்டுமே இதைச் செய்யலாம். எரிவாயு டிரையர் வைத்திருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்துவிடும்.

சுதா_லண்டன்

இவ்வளவு சிரமம் எதற்கு? கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, அதற்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பமாற்றியை இழுத்து எடுத்துக் குழாயடியில் கழுவினால் போதும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைத்தான் செய்கிறோம், உடனே சரியாகிவிடுகிறது. அவர் ஏன் வெளியே போய்ச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கதிரேசன்_பழுதுபணி

சுதா, உங்களிடம் இருப்பது கண்டென்சர் வகை. ஆவியை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்ப்பதால் அதற்கு வெளிக்குழாய் கிடையாது. நேசனுடையது காற்றை வெளியே தள்ளும் வகை, வட அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். இவரிடம் தொட்டியும் இல்லை, கழுவுவதற்கு வெப்பமாற்றியும் இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதன் அடிப்படை சரிதான். உங்கள் இயந்திரத்தில் வெப்பமாற்றியில் படியும் பஞ்சு செய்வதை இவருடையதில் குழாயில் படியும் பஞ்சு செய்கிறது.

நேசன்_ஸ்காபரோ

கதிரேசன் அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். வெளிவாயில் பறவை நுழையாமல் இருக்க யாரோ முன்பு கம்பி வலை ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். அந்த வலை முழுவதையும் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போன்ற பஞ்சு மூடியிருந்தது. அதன் வெளிப்பக்கம் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகியிருந்தது. மடல் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. பின்னால் இருந்த மடிப்புக் குழாய் சுவரோடு அழுந்திப் பாதியாக நசுங்கியிருந்தது. வலையைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் இப்போது வேறொரு சிக்கல் வந்துவிட்டது. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன், அவசரத்துக்குப் போர்வைகளை அதிக சூட்டில் அடுத்தடுத்து ஓட்டினோம். அதன் பிறகு சூடு அடியோடு நின்றுவிட்டது. டிரம் மட்டும் சுழல்கிறது, காற்று குளிராக வருகிறது.

திருமாறன்

நான் முதலிலேயே சொன்னேன் அல்லவா, எலிமென்ட் போய்விட்டது.

மின்கம்பி

நான் வீட்டு மின்னிணைப்பு வேலை செய்பவன். டிரையரின் உட்பாகங்களைப் பற்றிக் கதிரேசன் ஐயாதான் சொல்ல வேண்டும், என்னால் மின்சாரத்தின் பக்கத்தை மட்டும் சொல்ல முடியும். இங்கே டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பு தனியாக வருகிறது. அதில் இரண்டு உயிர்க்கம்பிகள் உண்டு. எலிமென்ட் அந்த இரண்டுக்கும் இடையில் 240 வோல்ட்டில் எரிகிறது. மோட்டார் பெரும்பாலான இயந்திரங்களில் ஒரே ஒரு உயிர்க்கம்பியையும் நியூட்ரலையும் வைத்து 120 வோல்ட்டில் ஓடுகிறது. இதனால் ஒரு கம்பியில் மட்டும் மின்சாரம் நின்றால் டிரம் சுழலும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. எலிமென்டை மாற்றிவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மின்பலகையில் டிரையருக்கான இரட்டைப் பிரேக்கரை முழுவதுமாக அணைத்து, மறுபடி அழுத்திப் போடுங்கள். பாதி விழுந்த பிரேக்கர் பார்வைக்கு நிமிர்ந்தே தெரியும். அதற்குப் பிறகும் குளிர்ந்த காற்றுதான் வருகிறது என்றால் சுவர்ச் சாக்கெட்டில் 240 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும், ஆனால் பழக்கமில்லாதவர்கள் அதைச் செய்ய வேண்டாம். செருகியின் கால்களில் கருகல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தளர்ந்த இணைப்பு இருந்தால் ஒரு கால் மட்டும் கறுத்திருக்கும்.

நேசன்_ஸ்காபரோ

பிரேக்கரை அணைத்துப் போட்டேன், மாற்றமில்லை. செருகியின் கால்கள் பளிச்சென்று இருக்கின்றன. மின்சார அடுப்பு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதற்குத் தனிப் பிரேக்கர் என்பதால் அது ஒன்றையும் நிரூபிக்காது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணா மல்டிமீட்டரோடு வந்து சாக்கெட்டை அளந்தார், 240 ஒட்டியே வருகிறதாம். இனி என்ன செய்ய வேண்டும்?

கதிரேசன்_பழுதுபணி

நல்லது, சாக்கெட் பிரச்சினை இல்லை. இனி இயந்திரத்துக்குள் போகலாம். செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் போட்டுவிட்டுத்தான் தகட்டைக் கழற்ற வேண்டும். இனிச் செய்யப்போகும் அளவுகள் எல்லாம் மின்சாரம் இல்லாத நிலையில் ஓம் பகுதியில் எடுப்பவை. மின்சாரத்தோடு அளக்க வேண்டியது எதுவுமே இல்லை.

எலிமென்ட் இருக்கும் பெட்டி பல இயந்திரங்களில் பின்தகட்டுக்குப் பின்னால் நீளமான தகரப் பெட்டியாக நிற்கும், சிலவற்றில் டிரம்முக்குக் கீழே முன்பக்கமாக இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் இரண்டு சிறிய வட்டப் பாகங்களைக் கவனியுங்கள். ஒன்று அதிகச் சூட்டில் திறந்து ஆறியதும் மூடும் தெர்மோஸ்டாட். மற்றது ஒரே ஒரு முறை அறுந்துபோகும் வெப்ப ஃபியூஸ், அறுந்தால் தானாக மூடாது. கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பூச்சியத்தை ஒட்டி வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எலிமென்டின் ஒரு முனையிலாவது கம்பியைக் கழற்றிவிட்டு அதன் இரு முனைகளுக்கும் இடையில் அளங்கள். கழற்றாமல் அளந்தால் வேறு வழியாகச் சுற்றிவரும் தடையும் சேர்ந்துகொள்ளும். உங்கள் இயந்திரத்தின் பெயர்த் தகட்டில் எலிமென்டின் வாட் அளவு இருந்தால் கணக்கு எளிது. 5400 வாட் என்றால் 240 ஐ 240 ஆல் பெருக்கி 5400 ஆல் வகுக்க, ஏறத்தாழ 10.7 ஓம் வரும். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் எது வந்தாலும் சுருள் அறுபடவில்லை. OL என்று வந்தால் அறுந்துவிட்டது.

இத்துடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்றையும் அளக்க வேண்டும். ஒரு முனையை எலிமென்டின் கம்பி முனையிலும் மறுமுனையை அதன் தகரப் பெட்டியிலும் வைத்தால் OL தான் வர வேண்டும். எண் ஏதாவது வந்தால் சுருள் தொய்ந்து பெட்டியைத் தொடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட எலிமென்ட் சரியான ஓம் காட்டினாலும் வைத்திருக்கக் கூடாது, சூடு வேண்டாம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்த சுற்றிலும்கூட அது எரியக்கூடும்.

பிறகு அந்த இரண்டு வட்டப் பாகங்களையும் தனித்தனியாக அளங்கள். ஆறிய நிலையில் இரண்டுமே பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும்.

நேசன்_ஸ்காபரோ

பெயர்த் தகட்டில் 5400 வாட் என்று போட்டிருக்கிறது. எலிமென்ட் 10.9 ஓம் காட்டியது. இரண்டு முனைகளிலிருந்தும் பெட்டிக்கு OL. தெர்மோஸ்டாட் 0.3, மீட்டரின் முனைகளைத் தொட்டபோதும் அதே 0.3 தான் வந்தது. வெப்ப ஃபியூஸ் OL. மும்முறை அளந்து பார்த்துவிட்டோம்.

பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றையும் கண்டோம். அதன் அடியிலும் சுற்றுப்புறத்திலும் பஞ்சு குவிந்திருந்தது, சில இடங்களில் பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. என் மனைவி அதைப் பார்த்த பிறகு, வேலை முடியும்வரை இயந்திரத்தைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

கதிரேசன்_பழுதுபணி

உங்கள் மனைவி சொல்வதே சரி. உங்கள் எலிமென்ட் நலமாகத்தான் இருக்கிறது. அதை வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும், சூடும் வந்திருக்காது. நடந்தது இதுதான்: வெளிவாய் அடைத்ததால் காற்று ஓடவில்லை, தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்பத் திறந்து மூடி எலிமென்டைக் காத்துக்கொண்டிருந்தது, அப்போது துணி சூடாகவும் ஈரமாகவும் வந்தது. போர்வைகளை அதிக சூட்டில் அடுத்தடுத்துப் போட்டபோது பெட்டியின் சூடு அதையும் மீறி ஏறியது, ஃபியூஸ் தன் கடமையைச் செய்து அறுந்துவிட்டது.

வெப்ப ஃபியூஸும் அந்தத் தெர்மோஸ்டாட்டும் பெரும்பாலும் ஒரே பொதியாகவே விற்கப்படுகின்றன. தெர்மோஸ்டாட் சரியாக அளந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அது அளவுக்கு மீறிய சூட்டைப் பலமுறை கண்ட பாகம், ஆறிய நிலையில் மூடியிருப்பது அது சரியான சூட்டில் திறக்கும் என்பதற்கு உறுதி ஆகாது. இயந்திரத்தின் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்குங்கள், உருவம் ஒன்றாக இருந்தாலும் அறுபடும் வெப்பநிலை வேறாக இருக்கும்.

திருமாறன்

அந்த ஃபியூஸ் இல்லாமலும் இயந்திரம் ஓடும். பாகம் வந்து சேரும்வரை இரண்டு கம்பிகளையும் ஒன்றாக இணைத்து ஓட்டலாமே? என் நண்பர் அப்படித்தான் பல மாதங்களாக வைத்திருக்கிறார்.

கதிரேசன்_பழுதுபணி

கூடாது. கருகிய பஞ்சை அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்தப் பஞ்சு தீப்பிடிப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்த ஒரே பாகத்தை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்கிறீர்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் டிரையர் தீவிபத்துகளுக்கு முதற்காரணமாகச் சொல்வது சுத்தம் செய்யாமல் விடுவதைத்தான். உங்கள் நண்பரிடமும் அந்தக் கம்பியை உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

நேசன், புதிய ஃபியூஸ் வந்தாலும் குழாயைச் சுத்தம் செய்யாமல் மாட்டாதீர்கள். மாட்டினால் அதுவும் அறுந்துவிடும். முதலில் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் பஞ்சை வாக்குவம் கொண்டு எடுங்கள். வடிகட்டி நுழையும் இடுக்கிலும் பஞ்சு தங்கியிருக்கும், அங்கே நீளமான மெல்லிய தூரிகை போகும். பிறகு சுவர்க்குழாய்க்குத் துரப்பணத்தில் பொருத்தும் தூரிகைக் கம்பிகள் கடைகளில் கிடைக்கும். அவை ஒன்றோடொன்று திருகி இணைப்பவை, ஆகவே துரப்பணத்தை வலஞ்சுழியாக மட்டும் ஓட்டுங்கள். இடஞ்சுழியாகச் சுழற்றினால் திருகு கழன்று தூரிகை குழாயின் நடுவிலேயே தங்கிவிடும், பிறகு கூரையைத்தான் உடைக்க வேண்டும்.

வெளிவாயில் அந்தக் கம்பி வலையை மறுபடி அடிக்காதீர்கள். டிரையர் வெளிவாயில் வலை இருக்கக் கூடாது என்பது வட அமெரிக்க விதிகளில் தெளிவாகவே இருக்கிறது, பஞ்சு ஒட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மடல் ஒழுங்காக மூடினாலே பறவை வராது.

நேசன்_ஸ்காபரோ

இரண்டு பாகங்களையும் மாற்றிவிட்டோம். தூரிகையை இரு பக்கங்களிலிருந்தும் செலுத்தி எடுத்ததில் பெரிய பிளாஸ்டிக் வாளி நிறையப் பஞ்சு வந்தது. அதில் பெரும்பகுதி ஈரமாக, பிழிந்த துணி போல இருந்தது. நசுங்கிய மடிப்புக் குழாயை எடுத்துவிட்டு, நீளத்தைக் குறைத்து, ஓரளவு விறைப்பான உலோகக் குழாயைப் போட்டு, அலுமினிய நாடாவால் ஒட்டினோம்.

இப்போது சூடு வருகிறது, மடல் நன்றாகத் தூக்குகிறது, சட்டைகள் ஒரே சுற்றில் உலர்கின்றன. ஆனால் துவாய்கள் இன்னும் முழுமையாக உலரவில்லை. தானியங்கிச் சுற்றில் போட்டால் இயந்திரம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் தையல் ஓரங்களில் ஈரம் இருக்கிறது. நேரம் வைத்து ஓட்டினால் உலர்கின்றன, ஆனால் நான் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் எடுக்கிறது.

கௌரி_மிசிசாகா

நான் அடுக்ககத்தில் இருப்பதால் என் நிலைமை வேறு, ஆனாலும் இந்தக் கடைசிப் பகுதி எனக்கு நேர்ந்தது. எங்கள் சலவை அறையின் கூரையில் இரண்டாவதாக ஒரு பஞ்சுப் பெட்டி உண்டு. வீட்டுக்குக் குடிவந்தபோது அதைப் பற்றி எவரும் சொல்லவில்லை. நான் டிரையரிலேயே குறை கண்டுகொண்டிருந்தபோது, பராமரிப்பு ஊழியர் ஏணி போட்டு அதைத் திறந்து தலையணை அளவுக்குப் பஞ்சை எடுத்தார். ரொறன்ரோ வட்டாரத்து அடுக்ககங்களில் இருப்பவர்கள் தங்கள் கூரையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அதன் பிறகும் தானியங்கிச் சுற்று முன்னதாக நின்றது. டிரம்முக்குள் வடிகட்டிக்கு அருகில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கின்றன. ஈரத்துணி அவற்றைத் தொடும்போது ஓடும் சிறு மின்சாரத்தை வைத்துத்தான் இயந்திரம் ஈரத்தை அறிகிறதாம். நாங்கள் மணத்துக்காகப் போடும் மென்தாள்களின் மெழுகு அவற்றில் படிந்து, ஈரத்தையே தெரியாமல் ஆக்கியிருந்தது. ஆல்கஹால் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன், துணி மஞ்சளாக வந்தது. அதன் பிறகு சரியாகிவிட்டது.

கதிரேசன்_பழுதுபணி

கௌரி சொன்னது பொருத்தமானது. நேரம் வைத்தால் உலர்கிறது, தானியங்கியில் முன்னதாக நிற்கிறது என்றால் முதலில் அந்தப் பட்டைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதே மென்தாளின் மெழுகு வடிகட்டியின் வலையிலும் படியும். வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் உடனே இறங்காமல் வலையில் தேங்கி நின்றால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் காற்றும் அப்படித்தான் தடைபடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் மென்தூரிகையும் கொண்டு கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கூடுதல் நேரம் எடுப்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் குழாயின் நீளமும் வளைவுகளும் எத்தனை?

நேசன்_ஸ்காபரோ

பட்டைகளைத் துடைத்துவிட்டேன், தானியங்கிச் சுற்று இப்போது நீளமாக ஓடுகிறது. வடிகட்டியில் தண்ணீர் ஒரு பாதியில் உண்மையாகவே தேங்கியது, கழுவியதும் இறங்கிவிட்டது. குழாயின் நேர்நீளம் 20 அடி. வளைவுகள் நான்கு, எல்லாம் செங்கோணம்: இயந்திரத்தின் பின்னால் ஒன்று, கூரைக்குள் திரும்பும் இடத்தில் ஒன்று, உத்தரத்தைச் சுற்றிப் போகும்போது ஒன்று, வெளியே போகுமுன் ஒன்று.

கதிரேசன்_பழுதுபணி

அமெரிக்க வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு நான்கு அங்குலக் குழாய்க்கு 35 அடி என்று எல்லை வைத்து, சாதாரணச் செங்கோண வளைவு ஒவ்வொன்றையும் ஐந்து அடியாகக் கணக்கிடுகிறது. உங்களுடையது 20 அடியோடு நான்கு வளைவுக்கு 20 அடி சேர்த்து 40 ஆகிறது. இங்கே ஒன்ராறியோவில் நான் முதலில் இயந்திரத்தின் கையேட்டைத்தான் பார்ப்பேன், சில இயந்திரங்கள் அதைவிட நீளமான குழாயையும் அனுமதிக்கின்றன. உங்களுடைய கையேட்டில் வெளிவாயின் வகையையும் வளைவுகளின் எண்ணிக்கையையும் வைத்து ஓர் அட்டவணை இருக்கும். அதைத் தாண்டியிருந்தால் குழாய் சுத்தமாக இருந்தாலும் மெதுவாகத்தான் உலரும், பஞ்சும் விரைவாகச் சேரும்.

உத்தரத்தைச் சுற்றும் அந்த வளைவை எடுத்துவிட்டு, அருகில் இருக்கும் சுவர் வழியாக நேராக வெளியே விட முடியுமா என்று பாருங்கள். இரண்டு வளைவு குறைந்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

மின்கம்பி

சுவரை உடைப்பதைவிட, குழாயில் துணை விசிறி ஒன்றைப் பொருத்துவது எளிது அல்லவா? டிரையருக்கென்றே தயாரிக்கப்படும் விசிறிகள் உண்டு, குழாயில் காற்றழுத்தம் ஏறியதும் தானாக ஓடத் தொடங்கும். இணைப்பை நான் பலமுறை கொடுத்திருக்கிறேன்.

கதிரேசன்_பழுதுபணி

டிரையருக்கென அங்கீகரிக்கப்பட்ட விசிறியாக இருந்தால் வைக்கலாம், குளியலறை விசிறியை அந்த இடத்தில் வைக்கக் கூடாது. எனக்கு அதில் ஒரு மனத்தடை உண்டு. கூரைக்குள் இருக்கும் விசிறியின் இறக்கைகளிலும் பஞ்சு சேரும், அதை எட்டிச் சுத்தம் செய்யக் கதவு ஒன்று வைக்க வேண்டும், விசிறி நின்றுவிட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. வேறு வழியே இல்லாத அடுக்ககத்துக்கு அது சரி. நிலவறையின் வெளிச்சுவர் சில அடி தள்ளி இருக்கும்போது நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மின்கம்பி

பஞ்சு சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செங்கல் சுவரில் நான்கு அங்குலத் துளை போட ஆகும் செலவையும் பழைய துளையை அடைக்கும் வேலையையும் கணக்கில் எடுக்கிறீர்களா? புதிய விசிறிகளில் நின்றுவிட்டால் எச்சரிக்கும் விளக்கும் வருகிறது.

நேசன்_ஸ்காபரோ

இந்தக் குளிரில் சுவரில் துளை போட முடியாது, எப்படியும் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். கையேட்டைத் தேடிப் பார்த்ததில், எங்கள் வகை வெளிவாயோடு நான்கு வளைவுக்கு அது அனுமதிக்கும் நீளத்தைவிட எங்கள் குழாய் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கேள்வி உண்டு. குழாயிலிருந்து வந்த பஞ்சு ஏன் அவ்வளவு ஈரமாக இருந்தது? கூரைக்குள் போகும் பகுதி வெளிச்சுவரை ஒட்டிக் குளிர்ந்த இடத்தில் ஓடுகிறது.

கதிரேசன்_பழுதுபணி

அதுவேதான் காரணம். ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் நீராகிறது, நீர் பட்ட இடத்தில் பஞ்சு பசை போல ஒட்டிக்கொள்கிறது. காற்று மெதுவாக ஓடினால் குழாய்க்குள் குளிர்வதற்கு அதற்கு அதிக நேரம் கிடைப்பதால் இன்னும் மோசமாகிறது. உங்களுக்குக் குளிர்காலத்தில் தொல்லை தொடங்கியதும் இதனால்தான். அந்தப் பகுதிக்கு வெளியே காப்புறை சுற்றுங்கள், குழாயை வெளிவாய்ப் பக்கம் சற்றுச் சரிவாக அமையுங்கள், தேங்கும் நீர் வெளியே வடியட்டும். சித்திரைவரை மாதம் ஒருமுறை வெளிவாயைப் பாருங்கள், மடலில் பனி உறைந்திருந்தால் அன்றைக்கு இயந்திரத்தைப் போடாதீர்கள்.

திருமாறன்

என் நண்பரிடம் பேசினேன், கம்பியைப் பிரிக்கச் சம்மதித்துவிட்டார். அவருடைய இயந்திரத்தின் பெயர்த் தகடு கிழிந்துவிட்டதால் மாதிரி எண் தெரியவில்லை. ஃபியூஸின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை வைத்தே வாங்கலாமா?

கதிரேசன்_பழுதுபணி

கதவைத் திறந்து அதன் விளிம்பிலும் டிரம் வாயின் ஓரத்திலும் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கே இன்னொரு தகடு ஒட்டியிருக்கும். அங்கும் இல்லை என்றால், பழைய ஃபியூஸையே பாகக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். அதில் அச்சடித்திருக்கும் வெப்பநிலை எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும் வழியில் அவருடைய வெளிவாயையும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு ஃபியூஸ் அறுந்ததற்கும் காரணம் இருந்திருக்க வேண்டும்.